ஏஎம்டி காரில் மேடு ஏறும் நெரிசல்: கிரீப்பை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது

புதிதாக ஏஎம்டி கார் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். சமதளத்தில் பிரேக்கை விட்டதும் தானாக நகர்கிற வண்டி, மேட்டில் மட்டும் ஏன் முதலில் பின்னால் போகிறது? வண்டியில் ஏதோ கோளாறு என்று சர்வீஸுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே "இது இப்படித்தான் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பதில் தவறில்லை, ஆனால் அதில் விளக்கம் இல்லை. விளக்கம் தெரிந்தால், மேட்டில் ஊர்ந்து போகும் நெரிசலில் இந்த வண்டியைக் குலுங்காமலும் கிளட்ச்சைக் கருக்காமலும் ஓட்டலாம். இந்தக் கட்டுரை அந்த ஒரு சூழ்நிலைக்காக மட்டும்.

உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான்

ஏஎம்டி என்பது புதுவகை கியர்பாக்ஸ் அல்ல. மேனுவல் காரில் இருக்கும் அதே கியர்பாக்ஸ், அதே ஒற்றை உலர் கிளட்ச். இடது காலும் இடது கையும் செய்த வேலையை மட்டும் ஒரு சிறு மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ செய்கிறது. எப்போது கிளட்ச்சை விடுவது, எப்போது கியரை மாற்றுவது என்பதை ஒரு கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. செலவு குறைவு என்பதால்தான் இது சிறிய கார்களுக்கு வந்தது. 2014ல் மாருதி செலெரியோவில் வந்த பிறகு இந்தியாவில் குறைந்த விலைக் கார்களில் பரவலானது.

டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் சுழல்கிறது. வண்டி நின்றிருந்தாலும் இன்ஜின் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது உண்டாகும் சூட்டை அந்த எண்ணெய் வெளியே எடுத்துக்கொண்டு போய்விடும். ஏஎம்டியில் அந்த எண்ணெய் கிடையாது. கிளட்ச் தட்டு, இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் என்ற சக்கரத்தோடு உரசுகிறது, உரசலின் சூடு அந்த இரண்டிலுமே தங்குகிறது. மேட்டில் நாம் செய்கிற ஒவ்வொன்றையும் இந்தச் சூட்டை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கிரீப் என்ன செய்கிறது

டிரைவில் போட்டு, பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருந்தால் வண்டி மெல்ல நகர்கிறதே, அதுதான் கிரீப். மேனுவல் காரில் முதல் கியரில் கிளட்ச்சை மட்டும் மெதுவாக விட்டு நகர்த்துவது போன்றதே. கணினி கிளட்ச்சைப் பாதி விடுகிறது, வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் முழுதாக விடுகிறது.

இங்கே ஒரு எண் முக்கியம். ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். அந்தச் சுற்றில், முதல் கியரில், கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் சிறிய கார் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வண்டிக்கு வண்டி இது 5 முதல் 7 வரை மாறலாம். இந்த வேகத்தை எட்டிவிட்டால் இன்ஜினும் சக்கரமும் ஒத்துப்போகின்றன, கிளட்ச் முழுதாக ஒட்டிக்கொள்ளும், உரசல் நின்றுவிடும். இதற்குக் கீழே வண்டி முன்னே போகிற ஒவ்வொரு நொடியும் கிளட்ச் உரசிக்கொண்டுதான் இருக்கும். வேறு வழியே இல்லை, ஏனென்றால் முழுதாக ஒட்டினால் இன்ஜின் நின்றுவிடும்.

சமதளத்தில் இது பிரச்சினையே இல்லை. பூஜ்யத்திலிருந்து 6க்குப் போக இரண்டு மூன்று நொடி, அப்புறம் கிளட்ச்சுக்கு ஓய்வு. அதனால் சமதள நெரிசலில் கிரீப்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அது அதற்காகவே இருக்கிறது.

மேட்டில் கதை வேறு. கிரீப்புக்காகக் கணினி கிளட்ச் வழியாக அனுப்பும் இழுவை ஓரளவுதான். அதற்கு மேல் கொடுத்தால் ஐட்லிங்கில் இருக்கும் இன்ஜின் திணறும். இலேசான ஏற்றம் என்றால் வண்டி முன்னே போகும், ஆனால் 2 அல்லது 3 கிலோமீட்டர் வேகத்திலேயே தங்கிவிடும். அதாவது கிளட்ச் ஒட்டவே ஒட்டாது. கொஞ்சம் கூடுதல் ஏற்றம் என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பார்க்க அமைதியாக இருக்கும், உள்ளே உரசல் நடந்துகொண்டிருக்கும். இன்னும் செங்குத்து என்றால் பின்னால் உருளும். மூன்றில் பின்னால் உருளுவதைத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என் பார்வையில் முதல் இரண்டுதான் கிளட்ச்சுக்கு அதிகக் கேடு, ஏனென்றால் அவை நடப்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். பிரேக் மிதியில் கால் இருக்கும்வரை கணினி கிளட்ச்சைப் பிரித்தே வைத்திருக்கும். மிதியை முழுதாக விட்ட பிறகுதான் கிரீப் ஆரம்பிக்கும், அதற்கும் அரை நொடி முதல் ஒரு நொடி வரை ஆகும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில், எதுவும் பிடிக்காமல் விட்டால் ஒரு நொடியில் வண்டி கிட்டத்தட்ட அரை மீட்டர் பின்னால் போகும். நெரிசலில் பின்னால் நிற்பவர் விடும் இடைவெளியே சில சமயம் அவ்வளவுதான்.

முதலில் உங்கள் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் போதும். சமதளத்தில் டிரைவில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, பிரேக்கை விட்டுப் பாருங்கள். வண்டி நகர்ந்து எந்த வேகத்தில் நிலைக்கிறது என்று ஸ்பீடோமீட்டரில் கவனியுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் எண், அதை மனதில் வையுங்கள். நகரவே இல்லை என்றால் கிரீப் இல்லாத மாடலாக இருக்கலாம். தொடக்க கால ஏஎம்டி கார்கள் சிலவற்றில் அந்த வசதி இல்லை. ரெனோ குவிட் ஏஎம்டிக்குக்கூட அது 2018ல்தான் வந்தது. பழைய வண்டி வாங்குபவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலோ ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தாலோ கிரீப் வேலை செய்யாது. அது பாதுகாப்புக்காக வைத்தது, கோளாறு அல்ல.

அடுத்து, பின்னால் நிறைய காலியிடம் உள்ள ஒரு இலேசான மேட்டில் நிறுத்திப் பிரேக்கை விட்டுப் பாருங்கள். ஹில் ஹோல்ட் வசதி இருந்தால் வண்டி சுமார் 2 நொடி அசையாமல் நிற்கும். பிரேக்கின் அழுத்தத்தை அந்த 2 நொடிக்கு வண்டியே பிடித்து வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் உடனே பின்னால் உருள ஆரம்பிக்கும். இந்த இரண்டில் உங்களுடையது எது என்பதைப் பொறுத்துத்தான் மேட்டில் கிளம்பும் முறை மாறும்.

ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம்

மேம்பாலத்துக்கு ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். நீளம் 60 மீட்டர், 10க்கு 1 ஏற்றம், மேலே சிக்னல். வண்டியில் இரண்டு மூன்று பேர், மொத்த எடை 1,100 கிலோ. முன்னால் வரிசையாக வண்டிகள், கொஞ்சம் நகர்கின்றன, நிற்கின்றன, மறுபடி நகர்கின்றன.

பெரும்பாலானவர்கள் செய்வது இது: முன்வண்டி ஒரு அடி நகர்ந்தால் தானும் ஒரு அடி நகர்வது. ஆக்சிலரேட்டரைத் துளித்துளியாகக் கொடுத்து 3 கிலோமீட்டர் வேகத்தில் ஒட்டிக்கொண்டே போவது. 60 மீட்டரை 3 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 72 நொடி ஆகும். அந்த 72 நொடியும் கிளட்ச் உரசுகிறது.

வேறு மாதிரி செய்து பார்ப்போம். முன்வண்டி நகர்ந்ததும் கிளம்பாமல், பிரேக்கை மிதித்தபடி காத்திருக்கிறீர்கள். முன்னால் இரண்டு கார் நீளத்துக்கு, அதாவது ஏறக்குறைய 8 முதல் 10 மீட்டர், கூடுதல் இடம் கிடைத்ததும் ஒரே மூச்சில் கிளம்பி, 8 முதல் 10 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், அந்த இடத்தை நிரப்பி, மறுபடி பிரேக்கில் நிற்கிறீர்கள். அதே 60 மீட்டருக்கு ஆறு தடவை கிளம்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிளட்ச் உரசுவது இரண்டு நொடி. மொத்தம் 12 நொடி. மேலே போய்ச் சேரும் நேரம் மாறவில்லை, ஏனென்றால் அதை முடிவு செய்வது முன்னால் உள்ள வரிசைதான். உரசல் மட்டும் 72 நொடியிலிருந்து 12க்கு வந்துவிட்டது.

இன்னும் மோசமானது, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்தே வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பது. மேலே சொன்ன எடைக்கும் ஏற்றத்துக்கும், இன்ஜின் 1,500 சுற்றில் இருந்தால், கிளட்ச்சில் சுமார் 3 கிலோவாட் சூடு உண்டாகும். மூன்று இஸ்திரிப் பெட்டிகளை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து ஆன் செய்த மாதிரி. அரை நிமிடம் இப்படி நிறுத்தினாலே கிளட்ச் தட்டு நன்றாகச் சுட்டுவிடும்.

ஆக, விதி இதுதான்: உங்கள் வண்டியின் கிரீப் வேகத்துக்குக் கீழே தங்காதீர்கள். ஒன்று பிரேக்கில் நில்லுங்கள், இல்லையென்றால் அந்த வேகத்தைத் தாண்டி ஓட்டுங்கள். நடுவில் இருக்கும் அந்த இடத்தை இரண்டு நொடியில் கடந்துவிடுங்கள்.

படிப்படியாக

1. மேடு ஆரம்பிக்கும் முன்பே கியர் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி முதல் கியரில் வையுங்கள். ஓடும்போதே தள்ளலாம், நிறுத்தத் தேவையில்லை. டிரைவில் விட்டால் 12, 15 கிலோமீட்டர் வேகத்திலேயே சில வண்டிகள் இரண்டாம் கியருக்குப் போய்விடும். கியர் மாறும் அந்த நேரத்தில் இழுவை அறுந்து வண்டி மேட்டில் தலையாட்டும். அடுத்த நொடியே நாம் வேகத்தைக் குறைப்போம், மறுபடி முதல் கியருக்கு இறங்கும். நெரிசலில் ஏஎம்டி குலுங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். முதல் கியரிலேயே பூட்டி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

2. முன்வண்டியின் பின்சக்கரங்கள் சாலையில் பதிந்திருப்பது உங்கள் இருக்கையிலிருந்து தெரிகிற அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள். மேட்டில் அதைவிட இன்னும் கொஞ்சம் கூட விடலாம். முன்வண்டியும் ஏஎம்டியாக இருந்தால் அதுவும் உருளும்.

3. நிற்கும்போது காலால் பிரேக்கை நன்றாக மிதித்து வையுங்கள். பிரேக்கில் இருக்கும்போது கிளட்ச் பிரிந்திருக்கிறது, அதனால் கியர் முதலில் இருந்தாலும் தேய்மானம் இல்லை. அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் நியூட்ரலுக்கு மாற்றி ஹேண்ட்பிரேக் போடுங்கள். கால் களைத்துப்போய் நம்மை அறியாமல் மிதியைத் தளர்த்திவிடுவோம் என்பதுதான் முக்கியக் காரணம்.

4. முன்வண்டி நகர்ந்ததும் உடனே கிளம்பாதீர்கள். இடம் விழட்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

5. ஹில் ஹோல்ட் இருக்கும் வண்டியில்: பிரேக்கை ஒரு தரம் அழுத்தமாக மிதித்துவிட்டு, காலை ஆக்சிலரேட்டருக்கு மாற்றுங்கள். உங்களுக்கு 2 நொடி இருக்கிறது, அவசரம் வேண்டாம். ஆனால் பிரேக்கை மெல்ல மெல்ல விடாதீர்கள். மிதியில் இலேசாகக் கால் இருந்தாலும் கிளட்ச் பிடிக்காது. ஒரே தடவையில் விட்டு, ஒரே தடவையில் மாற்றுங்கள்.

6. ஆக்சிலரேட்டரை ஒரு அளவுக்கு மிதித்து அப்படியே பிடியுங்கள். இன்ஜின் 1,500 முதல் 1,800 சுற்று வரை போனால் போதும். மிதித்த பிறகும் அரை நொடி ஒன்றும் நடக்காது. இங்கேதான் புதியவர்கள் இன்னும் மிதித்துவிடுகிறார்கள், அதற்குள் கிளட்ச் பிடித்துவிட வண்டி குதிக்கிறது. அந்த அரை நொடியைப் பொறுத்துக்கொள்ளப் பழகுங்கள்.

7. வேகம் உங்கள் கிரீப் எண்ணைத் தாண்டியதும் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை இன்ஜின் சத்தம் ஒரு பக்கம், வண்டியின் வேகம் ஒரு பக்கமாக இருக்கும். இப்போது இரண்டும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். கிளட்ச் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் வைத்து ஓட்டுங்கள்.

8. நிறுத்தும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே மேடு வண்டியைக் குறைத்துவிடும். அப்புறம் பிரேக்கை மிதித்து முழுதாக நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டடி போகலாமே" என்று கிரீப்பில் விட்டு ஊர வேண்டாம்.

ஹில் ஹோல்ட் இல்லாத வண்டி

இதற்கு ஹேண்ட்பிரேக்தான் துணை, மேனுவல் காரில் மேட்டில் கிளம்பக் கற்றுக்கொண்ட அதே வித்தைதான். வித்தியாசம் ஒன்று: அங்கே கிளட்ச் பிடிப்பது இடது காலுக்குத் தெரியும். இங்கே அது காதுக்கும் முதுகுக்கும்தான் தெரியும்.

கால் பிரேக்கில் நின்றிருக்கும்போதே ஹேண்ட்பிரேக்கை நன்றாக மேலே இழுங்கள். கட்டை விரலை அதன் பொத்தான் மேலேயே வைத்திருங்கள். இப்போது காலை ஆக்சிலரேட்டருக்கு மாற்றி மெதுவாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறும். ஒரு கணத்தில் அந்தச் சத்தம் சற்றே கனமாகும், டேக்கோமீட்டர் முள் நூறு இருநூறு சுற்று கீழே இறங்கும். அதே சமயம் வண்டியின் முன்பக்கம் இலேசாக நிமிரும், பின்பக்கம் அழுந்தும். கிளட்ச் பிடித்துவிட்டது. அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தி ஹேண்ட்பிரேக்கை நிதானமாக, ஆனால் முழுதாக இறக்குங்கள். வண்டி பின்னால் ஒரு அங்குலம்கூடப் போகாமல் முன்னே போகும்.

முன்பக்கம் நிமிர்ந்த பிறகும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருப்பது வழக்கமாக நடக்கும் தவறு. அந்த நேரம் முழுவதும் கிளட்ச் வீணாக உரசுகிறது. ஒரு நொடிக்குமேல் வேண்டாம். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் மட்டும் இறக்கி, அது பின்சக்கரத்தை இழுக்கிற நிலையிலேயே ஓட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான்.

இலேசான மேட்டில் இது தேவையா? காலை வேகமாக மாற்றத் தெரிந்தால் தேவையில்லை, உருள்வது கையளவுதான் இருக்கும். பின்னால் இருசக்கர வண்டி ஒட்டி நிற்கிறது என்றால் எந்த மேடாக இருந்தாலும் ஹேண்ட்பிரேக் போட்டே கிளம்புங்கள்.

பின்னால் உருள ஆரம்பித்துவிட்டால்

பிரேக்கை மிதியுங்கள். ஆக்சிலரேட்டரை அல்ல. பதற்றத்தில் கை கால் நேர் எதிராகச் செய்யச் சொல்லும். பின்னால் போய்க்கொண்டிருக்கும் வண்டியை முன்னே இழுக்க, கிளட்ச் முதலில் அந்த உருளலை நிறுத்தி, பிறகு மேட்டை எதிர்த்துத் தள்ள வேண்டும். சாதாரணமாகக் கிளம்பும்போது ஆகும் சூட்டைவிட இது மிக அதிகம். வண்டி உதறும், சில சமயம் பெரிதாகக் குதிக்கும், முன்னால் இருப்பவரின் பம்பருக்கும் ஆபத்து. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக் முறையில் முதலிலிருந்து கிளம்புங்கள்.

இரண்டு காலால் ஓட்டலாமா, இடது காலால் பிரேக்கைப் பிடித்து வலது காலால் ஆக்சிலரேட்டர் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் பழகியவர்களுக்கு இந்த யோசனை இயல்பாக வரும். ஏஎம்டியில் இது உதவாது. பிரேக் மிதித்திருப்பதாகத் தகவல் போகும்வரை கணினி கிளட்ச்சைப் பிடிக்க விடாது. நீங்கள் இன்ஜினை ஏற்றிக்கொண்டே பிரேக்கை விட்டால், அந்த ஏறிய சுற்றிலேயே கிளட்ச் பிடிக்கும், வண்டி பாயும். இடது காலைத் தரையில் வைத்துவிடுங்கள்.

மேட்டுக்கு நடுவில் வேகம் பிடிக்க இடம் கிடைத்தால்

சில சமயம் வரிசை சட்டென்று திறக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி, முன்னாலும் நல்ல இடம் இருந்தால் மட்டும் இரண்டாம் கியருக்கு மாற்றுங்கள். மாற்றும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக விடாமல் சற்றே தளர்த்தி, கியர் விழுந்ததும் பழையபடி மிதித்தால் தலையாட்டம் வெகுவாகக் குறையும். மேனுவல் காரில் இயல்பாகவே அப்படித்தான் செய்வோம். இங்கே கணினி மாற்றுகிறது என்பதால் காலை அசைக்காமல் வைத்திருக்கிறோம், குலுங்கலுக்கு அதுதான் காரணம். இடம் குறைவு என்றால் முதல் கியரிலேயே சத்தம் போட்டுக்கொண்டு போகட்டும். 2,500 சுற்றுச் சத்தத்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

வேகம் குறைந்தால் கீழ் கியருக்கு மாற்ற மறந்துவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். மேனுவலில் இருந்தாலும் இன்ஜின் நிற்கிற நிலைக்கு வந்தால் கணினியே முதல் கியருக்கு இறக்கிவிடும்.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. கம்ப்ரெஸர் ஓடும்போது ஐட்லிங் சற்று ஏறும், நிற்கும்போது இறங்கும். அதனால் கிரீப்பின் தள்ளலும் ஒரே அளவாக இருக்காது. மேட்டில் கிரீப்பை நம்பிப் பிரேக்கை விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளட்ச் சூடேறுகிறது என்று எப்படித் தெரியும்

முதலில் வருவது உதறல். கிளம்பும்போது வண்டி முழுவதும் டக டகவென்று நடுங்கும். அப்புறம் வாசனை: பிரேக் கருகிய மாதிரி, காரமாக, ஜன்னலைத் திறந்தால் தெளிவாகத் தெரியும். இன்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் தட்டு வழுக்குகிறது. பல வண்டிகளில் கணினியே கிளட்ச்சின் சூட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். எல்லை தாண்டினால் பீப் சத்தம் தரும், கியர் எண் மின்னும், அல்லது ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும். சில வண்டிகள் கிரீப்பையே நிறுத்திவிடும். நேற்றுவரை நகர்ந்த வண்டி நெரிசல் நடுவில் திடீரென்று பிரேக்கை விட்டாலும் நகராமல் நிற்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். உங்கள் வண்டி எப்படிச் சொல்லும் என்பது அதன் கையேட்டில் இருக்கும், அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இதில் எது வந்தாலும் ஓரமாக ஒதுங்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைக்காமல் ஐட்லிங்கில் விடுங்கள். ஃப்ளைவீல் சுழன்றால் அதைச் சுற்றியுள்ள காற்றும் அசையும், சூடு சீக்கிரம் இறங்கும். பத்து பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஒரு தடவை வாசனை வந்ததால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆறிய பிறகு உதறல் இல்லாமல் கிளம்பினால் தொடர்ந்து ஓட்டலாம். ஆறின பிறகும் உதறினால், அல்லது நான்காம் கியரில் வேகமாக மிதிக்கும்போது சுற்று மட்டும் ஏறினால், தட்டு தேய்ந்துவிட்டது.

மேட்டில் நிறுத்திவிட்டுப் போக வேண்டுமென்றால்

பெரும்பாலான ஏஎம்டி கார்களில் பார்க்கிங் நிலை கிடையாது. கால் பிரேக்கில் நின்றபடி ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுங்கள். மேல்நோக்கி நிற்கும் வண்டி என்றால் முதல் கியரில் வைத்து, டேஷ்போர்டில் கியர் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணையுங்கள். கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். இன்ஜின் நின்றதும் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும், கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் அணைத்தால் ஹேண்ட்பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும்.

சர்வீஸில் என்ன கேட்பது

கிளட்ச் தட்டு தேயத் தேய, அது பிடிக்கத் தொடங்கும் புள்ளி நகரும். கணினி அதைத் தானாகவே ஓரளவு திருத்திக்கொள்ளும். அதையும் மீறி வண்டி கிளம்புவதில் தாமதம் கூடினாலோ, ஆறிய நிலையிலும் உதறினாலோ, சமதளத்தில் கிரீப் பலவீனமானாலோ, "கிளட்ச் பிடிக்கிற புள்ளியை மறுபடி லேர்ன் பண்ணிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கணினிக் கருவியை இணைத்துச் செய்யும் வேலை அது. கிளட்ச் மாற்றினால் இதைக் கண்டிப்பாகச் செய்தாக வேண்டும். ஹைட்ராலிக் வகை ஏஎம்டி என்றால் அந்த எண்ணெயின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது வாசலைத் தாண்டும் முன்பே, சமதளத்தில் பிரேக்கை விட்டு ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். முன்பு குறித்து வைத்த வேகத்தில், உதறல் இல்லாமல், இரண்டு மூன்று நொடியில் நிலைக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.